நாலுக்குக் குறையாத ஒன்று

விடைத்தாள் திருத்தும் முகாமில் முதல் நாள் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். கேள்வித்தாள் தயாரித்தவரே எழுதிய விடைக்குறிப்பைத் தலைமைத் தேர்வாளர் எல்லோர் முன்னாலும் படிப்பார். தப்பு ஏதாவது இருந்தால் அப்போதே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் எல்லோரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குறிப்பில் இருப்பதுதான் சரி, இல்லாததெல்லாம் தப்பு.

படிப்பார் என்றா சொன்னேன்? முணுமுணுப்பார். கேட்பவர்களும் அப்படித்தான். பாதிப் பேர் டீ வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலியை யார் பிடிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வந்திருப்பவர்கள் எல்லோரும் கணக்கு வாத்தியார்கள்தான், ஆனால் அன்றைக்கு அவர்கள் போடும் கணக்கு அது ஒன்றுதான்.

இந்த வருஷம் தலைமைத் தேர்வாளராக வந்திருந்தவருக்குப் பச்சைப் பேனா என்று பெயர். முகாமில் மற்றவர்கள் சிவப்பில் திருத்த வேண்டும், அவர் மட்டும் பச்சையில் மேற்பார்வை செய்வார் என்பதால் வந்த பெயர் அது. கேள்வித்தாள் போட்டவரும் அவரேதான். ஆறாவது கேள்வி வரை முணுமுணுத்துவிட்டு ஏழாவதுக்கு வந்தார்.

"ஏழு. n முடிவிலிக்குப் போகும்போது, ஒண்ணு கூட்டல் மூணு பை n, மொத்தம் பவர் n. லிமிட் என்ன? விடை, ஒண்ணு. அஞ்சு மார்க். எட்டாவது..."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: டெம்பரவரி. கல்லூரியில் பதினோரு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். பதினோரு வருஷம் நிலைத்து நிற்கும் தற்காலிகத்தை உலகத்திலேயே கல்விக்கூடங்களில் மட்டும்தான் பார்க்க முடியும். 'டெம்பரவரி மேடம் கிட்ட கொடுத்துடு', 'டெம்பரவரி மேடம் பாத்துப்பாங்க' என்று ஆசிரியர் அறையில் எல்லா வேலையும் அவள் தலையில்தான் விழும்.

(1 + 3/n)ⁿ என்பதற்கு விடை ஒன்று இல்லை. e³ (e என்பது 2.718 சொச்சம் வரும் ஓர் எண்), அதாவது சுமார் இருபது. ஒன்று என்பது புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் வழக்கமாக விழும் பள்ளம். n பெரிதாகிக்கொண்டே போனால் 3/n ஒன்றுமில்லாமல் போகும், அடைப்புக்குள் ஒன்று மட்டும் மிஞ்சும், ஒன்றை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதானே என்று நினைப்பார்கள். ஆனால் அடைப்புக்குள் இருப்பது ஒருபோதும் ஒன்று ஆவதில்லை. ஒன்றுக்கு மேலே ஒரு துளி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் துளி சிறுக்கச் சிறுக்க, பெருக்கும் தடவைகள் ஏறிக்கொண்டே போகின்றன. இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும் இழுப்பில் யார் ஜெயிப்பது என்பதை வேகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்தக் கேள்வியில் இரண்டுக்கும் ஒரே வேகம். அதனால் இழுபறி e³-இல் போய் நிற்கிறது. இதை அவள் பதினோரு வருஷமாக வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள்.

கை தானாக உயரப் பார்த்தது. பக்கத்து நாற்காலி அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். அக்கா வேறொரு கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவள், இந்த முகாம்களில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"உனக்கு இன்டர்வியூ எப்போ?" என்று காதோடு கேட்டாள்.

"அடுத்த மாசம்."

"கமிட்டியில கணக்குக்கு யாரு?"

டெம்பரவரி மோவாயால் முன்பக்கம் காட்டினாள். மேடையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்தான்.

"அப்ப கம்முனு இரு. வேற யாராவது சொல்லட்டும். இத்தனை பேர் இருக்காங்க."

இத்தனை பேர் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லட்டும் என்று இருந்தார்கள். பச்சைப் பேனா கடைசிக் கேள்வி வரை முணுமுணுத்து முடித்து, "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்துத் தாள் வந்தது. அவளும் போட்டாள். அப்புறம் டீ வந்தது.

*

திருத்தும் கூடத்தில் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. பரீட்சைக் காலத்தில் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கண்ணாடிகளில் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள், பிறகு யாரும் அதைச் சுரண்டவில்லை. உள்ளே போகும்போது செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் முகாம் அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும். விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக வரும். திருத்தி முடித்த கட்டைக் கட்டி, அரக்கு வைத்து, உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போனது போனதுதான், திரும்பி வராது.

அவள் முதல் கட்டைப் பிரித்தாள். முதல் தாளில் ஏழாவது கேள்விக்கு e³ என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டு, சைபர் வைத்தாள். இரண்டாவது தாளில் ஒன்று என்று இருந்தது, எந்த வழிமுறையும் இல்லாமல், பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தது. அதற்கு அஞ்சு.

"அக்கா, என்னால முடியல."

"முதல் கட்டுல கஷ்டமா இருக்கும். ரெண்டாவதுல பழகிடும்" என்றாள் அக்கா. அவள் கை நிற்கவே இல்லை. குறுக்குக் கோடு, சைபர், பக்கம் திருப்பு. குறுக்குக் கோடு, சைபர், பக்கம் திருப்பு. "நானும் கிளாஸ்ல e க்யூப்னுதான் சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளைங்க பேப்பர் எந்த டேபிள்ல எவன் கையில வெட்டுப்படுதோ."

அக்கா சொன்னது சரியாகப் போயிற்று. இரண்டாவது கட்டில் பழகிவிட்டது. அதுதான் டெம்பரவரிக்குப் பயமாக இருந்தது. முதல் சைபர் போடும் முன் விடையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சாயங்காலத்துக்குள் படிப்பது நின்று, வேகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான், அஞ்சு மார்க்தான். ஆனால் அந்தச் சின்னதை இத்தனை மேசையில் இத்தனை கைகள் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது சின்னதாகவே இருந்துவிடும் என்று மற்றவர்கள் நம்பலாம். இந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கு அப்படி நம்ப வழியில்லை. அதைத்தானே அந்த ஏழாவது கேள்வியே கேட்கிறது!

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டான்.

"சரி, அந்த ஆளுகிட்ட போய்ச் சொன்னா என்ன ஆகும்?"

"ஏன் கூட்டத்துல சொல்லலன்னு கேப்பாரு."

"ஏன் சொல்லல?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். மகள் பிறந்த வருஷம் என்ன நடந்தது என்று இருவருக்கும் தெரியும். தற்காலிக வேலைக்குப் பிரசவ விடுப்பு கிடையாது. போய்விட்டு வா, இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். போய்விட்டு வந்தாள், இடம் இல்லை. ஒரு வருஷம் வாசல் வாசலாக அலைந்து மறுபடியும் அதே கல்லூரியில், அதே மேசையில், புதிதாகச் சேர்ந்தவளாக உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலை அறுந்துபோகும், பிறகு ஒட்டும். ஒட்டும் வரைக்கும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

"இந்த ஒரு தடவ மட்டும் பல்லைக் கடிச்சுக்க" என்றான் கணவன். "வேலை நிரந்தரமாயிடுச்சுன்னா அப்புறம் எவனுக்கும் பயப்பட வேண்டாம். என்ன வேணா பேசலாம்."

அவனும் நல்லவன்தான். அதனால்தான் அவளுக்கு எதிர்த்துப் பேச வரவில்லை.

*

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தத் தாள் வந்தது.

எண் மட்டும்தான் இருந்தது, யார் எழுதியது என்று தெரியாது. பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. தொட்டதில் சிலது அரைகுறை. எழுதியவருக்கு நேரம் போதவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நேரம் எங்கே போனது என்பதும் தெரிந்தது. ஏழாவது கேள்விக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

முதலில் வழக்கமான முறை. மடக்கை (log) எடுத்து, n தடவை மடக்கை (1 + 3/n) என்பது மூன்றை நோக்கிப் போகிறது, ஆகவே விடை e³. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கீழே இப்படி எழுதியிருந்தது:

'சிலர் இதை 1 என்று சொல்லக்கூடும். அது முடியாது என்று e-யைப் பற்றித் தெரியாமலே காட்டலாம். n = 1 என்றால் இதன் மதிப்பு 4. n எதுவாக இருந்தாலும், ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்தால் முதல் உறுப்பு 1. இரண்டாவது உறுப்பு n × 3/n, அதாவது 3. இரண்டும் சேர்ந்தாலே 4. மீதி உறுப்புகளில் எதுவும் குறை எண் இல்லை. ஆகவே இது எப்போதும் 4-க்குக் குறையாது. எப்போதும் நாலுக்குக் குறையாத ஒன்று, ஒன்றில் போய் எப்படி முடியும்?'

டெம்பரவரி அதை இரண்டு தடவை படித்தாள். சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவளே வகுப்பில் சொன்னதில்லை. இதைப் படித்தபிறகு 'நான் கவனிக்கவில்லை' என்று யாரிடமும் சொல்ல முடியாது. தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது.

மற்ற மார்க்குகளைக் கூட்டினாள். முப்பத்தேழு. நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. ஏழாவதுக்கு அஞ்சு போட்டால் நாற்பத்திரண்டு, சைபர் போட்டால் ஃபெயில்.

அக்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். படித்தாள். தன் தாளுக்குத் திரும்பிக்கொண்டாள். அவள் பேனா மட்டும் சற்று நேரம் நின்றிருந்தது.

டெம்பரவரி அஞ்சு போட்டாள். பெரிதாகவே போட்டு, வட்டம் சுழித்தாள். கட்டைக் கட்டி மேசையில் வைத்தாள். 

ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி எடுத்துத் தலைமைத் தேர்வாளர் சரிபார்ப்பார். எதை எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரைப் பக்கம் எழுதி, சிவப்பு வட்டம் போட்ட தாள் கண்ணில் படாமல் போகுமா? டீ வேளை முடிவதற்குள் பியூன் வந்து நின்றான்.

"மேடம், ஐயா கூப்பிடறாரு."

*

பச்சைப் பேனாவின் அறை முன்பு கம்ப்யூட்டர் லேப் ஆக இருந்த இடம். மூடிவைத்த மானிட்டர்கள் வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார், அந்தத் தாள் மடியில்.

"உக்காருங்கம்மா. விடைக்குறிப்புல ஒண்ணுன்னு இருக்கு. நீங்க e க்யூபுக்கு அஞ்சு போட்டிருக்கீங்க."

"சரியான விடை அதுதான் சார்."

"அப்படியா? கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்கலாமா?" கணக்குப் போடும் கட்டத்தில் ஒரு ஒன்று போட்டு, பின்னால் பதினேழு பூஜ்யங்களைத் தட்டினார். அதுதான் n. பிறகு சூத்திரத்தைப் போட்டார். திரையில் விடை வந்தது: 1.

"முடிவிலிக்குப் பக்கத்துல போனா ஒண்ணுதான் வருது. என்ன சொல்றீங்க?"

அவள் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. கையை நீட்டி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். மேலதிகாரியின் மேசையிலிருந்து ஒரு பொருளை இழுத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. n-ஐப் பத்து என்று மாற்றினாள். 13.79 வந்தது. நூறு, 19.22. ஆயிரம், 19.996. பத்து லட்சம், 20.0854.

"ஏறிக்கிட்டேதான் சார் போகுது. e க்யூப் 20.0855. அதைத் தொடற மாதிரி வந்துட்டு, திடீர்னு ஒண்ணுல எப்படி விழும்? அது லிமிட் இல்ல, இந்த மெஷினோட கோளாறு. இதால ஏறக்குறைய பதினாறு இலக்கம்தான் ஞாபகம் வச்சுக்க முடியும். ஒண்ணோட மூணு பை பத்து பவர் பதினேழைக் கூட்டச் சொன்னா, அந்தத் துளியை வச்சுக்க இடமில்லாம தூக்கிப் போட்டுடுது. மிச்சம் வெறும் ஒண்ணு. வெறும் ஒண்ணை எத்தனை தடவ பெருக்கினாலும் ஒண்ணுதான். அந்தத் தாள்லயே எழுதியிருக்கு சார், நாலுக்குக் கீழே வரவே முடியாதுன்னு."

பேசி முடித்தபோது மூச்சு வாங்கியது. பச்சைப் பேனா திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"தெரியும்மா" என்றார். "முதல் நாள் சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"நான் கேட்டது வேற கேள்வி. அடைப்புக்குள்ள மூணு பை n ஸ்கொயர்டுன்னு போட்டிருந்தேன். அப்போ உள்ள இருக்கற துளி ரொம்ப வேகமாச் சிறுக்கும், பெருக்கறது பின்தங்கிடும், விடை ஒண்ணுதான். e க்யூப்னு மனப்பாடமா எழுதறவனைப் பிடிக்கலாம்னு வச்ச பொறி அது. கேள்வித்தாளைச் சரிபாக்கற கமிட்டியில பசங்களுக்குக் கஷ்டம்னு சொன்னாங்க. சரின்னு ஸ்கொயரை எடுத்துட்டேன். விடையை மாத்த மறந்துட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல. பொறியை நானே வச்சேன், நானே போய் விழுந்தேன்."

"அப்போ இந்தக் கம்ப்யூட்டர்?"

"உங்களுக்கு முன்னாடி நாலஞ்சு பேர் வந்து கேட்டாங்க. இதைப் போட்டுக் காமிச்சேன். எல்லாரும் ஆமாம் சார்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. விசைப்பலகையைத் தொட்டது நீங்க மட்டும்தான்."

அவருடைய குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. அது அவளுக்கு எரிச்சலை மூட்டியது.

"இப்பவாவது மாத்தலாமே சார். எல்லா டேபிளுக்கும் சொல்லிடலாம்."

"ரெண்டு நாள் கட்டெல்லாம் அரக்கு வச்சு உள்ள போயிடுச்சு. திறக்கணும்னா மேலிடத்துக்கு எழுதணும். எழுதினா விசாரணை. எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் சர்வீஸ். அது என் பாடு, விடுங்க. விசாரணையில முதல் கேள்வி என்ன கேப்பாங்க தெரியுமா? குறிப்பைப் படிச்சபோது இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தர் கூடவா பாக்கலன்னு கேப்பாங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நீங்களும்தான்." சற்று நிறுத்தினார். "நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் சற்று முன்னால் இவ்வளவு கணக்குப் பேசியவள் எப்படி அதைச் சொல்வாள்?

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

மின்விசிறி கரகரவென்று சுற்றியது.  அவரே சொன்னார், மெதுவாக, கடிந்துகொள்வது போல இல்லாமல்.

"எனக்காகத்தானேம்மா சும்மா இருந்தீங்க. இன்டர்வியூல நான் இருப்பேன்னுதானே. இப்பவும் அதே மாதிரி இருந்துடுங்க. நானும் மறக்க மாட்டேன்."

டெம்பரவரிக்கு முகம் எரிந்தது. அவமானம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த மனிதர் அவளைப் புரிந்துகொண்டுவிட்டார். முகாமில் அவள் விலை என்ன என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதை வெளியே சொல்லாத பெருந்தன்மையும் அவரிடம் இருந்தது.

"அந்தப் பையனோ பொண்ணோ" என்றாள்.  "ஃபெயில் ஆயிடும் சார். மூணு மார்க்குல."

"அதையும் பாத்தேன்." அவர் தாளைப் புரட்டினார். "பன்னெண்டாவது கேள்வி. தொகையிடல்ல பாதியில குறி தப்பாப் போட்டு எங்கேயோ போயிருக்கு. நீங்க ஒரு மார்க் கொடுத்திருக்கீங்க. முயற்சிக்காக மூணு கூடக் கொடுங்க, நாலாக்குங்க. நான் பச்சையில கையெழுத்துப் போட்டுடறேன். பாஸ். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"சரியா எழுதினதுக்குச் சைபர், தப்பா எழுதினதுக்கு நாலா சார்?"

"ஆமாம்மா" என்றார் பச்சைப் பேனா. அவருக்கே அது கசந்திருக்க வேண்டும், தாளை நீட்டும்போது அவளைப் பார்க்கவில்லை. "உங்க கையாலேயே அடிச்சுத் திருத்துங்க. திருத்தினவங்கதான் மாத்தணும்."

அறையின் கதவு திறந்துதான் இருந்தது. எதிர் அறையில் முகாம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். எழுந்து ஆறேழு தப்படி வைத்தால் போதும், அவர் மேசை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். யாரும் பூட்டி வைக்கவில்லை. அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். மகளின் முகம் வந்தது, டிப்போவிலிருந்து வரும் கணவனின் முகம் வந்தது, கோடை விடுமுறையில் சத்தமில்லாமல் கிடக்கும் வீடு வந்தது. இந்த ஒரு பிள்ளை எப்படியும் பாஸ் ஆகிவிடும் என்ற நினைப்பும் வந்தது. கடைசியில் அவளைக் கட்டிப்போட்டது அந்த நினைப்புதான். நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு எழுந்திருக்க மனம் வராது.

சிவப்புப் பேனாவை எடுத்தாள். வட்டம் போட்ட அஞ்சை அடித்தாள். பக்கத்தில் சைபர் போட்டு, சுருக்கொப்பம் வைத்தாள். பன்னிரண்டாவது கேள்விக்குப் போனாள். அந்தத் தப்புக் குறியைத் தாண்டி, அதற்குப் பிறகு வந்த தப்பான வரிகளின் ஓரத்தில் சின்னச் சின்ன சரி அடையாளங்கள் போட்டாள். ஒன்றை நாலாக்கினாள். மொத்தம் நாற்பது.

பச்சைப் பேனா கையெழுத்துப் போட்டார். "கெட்டிக்காரி நீங்க" என்றார். அதை மனதாரச் சொன்னார்.

கூடத்துக்குத் திரும்பியதும் அக்கா கேட்டாள். "என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

அடுத்த கட்டைப் பிரித்தாள். முதல் தாளில் e³ என்று இருந்தது. மொத்தம் எவ்வளவு வருகிறது என்று அவள் கூட்டிப் பார்க்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டுச் சைபர் வைத்தாள்.

*

வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் பச்சைப் பேனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதுவும் சுலபமான கேள்வி. கணவன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றான். ஆசிரியர் அறையில் கைதட்டினார்கள். 'இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது மேடம்?' என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நிரந்தரமாகிவிட்டால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று கணவன் சொல்லியிருந்தான். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று சில நாள் யோசித்தாள். எழுதினால், அடித்துத் திருத்திய தாளில் யாருடைய சுருக்கொப்பம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்போது தற்காலிகமாக இருந்தவள் எதை இழந்திருப்பாள்? இப்போது இழக்க நிறைய இருந்தது. பிறகு பாடம் தொடங்கிவிட்டது, யோசிக்க நேரம் இல்லாமல் போயிற்று. அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

லிமிட் பாடம் வந்த அன்று அவள் வகுப்பில் உயிரைக் கொடுத்து நடத்தினாள். அடைப்புக்குள் துளி சிறுக்கும் வேகத்தையும் அடுக்கு வளரும் வேகத்தையும் கரும்பலகையில் எதிரெதிராக எழுதினாள். கீழே n ஸ்கொயர்டு வந்தால் ஒன்று, மேலே அடுக்கில் n ஸ்கொயர்டு வந்தால் முடிவில்லாமல் போகும், இரண்டும் சமமாக இருந்தால் e³ என்று மூன்றையும் காட்டினாள். ஏன் நாலுக்குக் குறையாது என்றும் விரித்துக் காட்டினாள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. பின்வரிசை கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். கையில் கடையில் விற்கும் பழைய கேள்வித்தாள் தொகுப்பு இருந்தது.

"மேடம், இதே கேள்வி போன வருஷம் வந்திருக்கு. ஆன்சர் ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. பரீட்சை போர்டு கொடுத்த ஆன்சர் கீன்னு கீழே போட்டிருக்கு. போன வருஷம் e க்யூப் எழுதின எங்க அண்ணனுக்கு அதுக்கு மார்க் கிடைக்கல."

வகுப்பு அவளையே பார்த்தது.

"அது தப்பு" என்றாள் அவள். "இப்பத்தானே பாத்தீங்க. நாலுக்குக் கீழே வராது."

"புரியுது மேடம். கரெக்ட் e க்யூப்தான்." அந்தப் பெண் விடவில்லை. திமிராகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஆனா பரீட்சையில இதே கேள்வி வந்தா எதை எழுதணும்? எதுக்கு மார்க் போடுவாங்க?"

அவளுக்குப் பதில் தெரியும். திருத்தும் கூடத்தை உள்ளே இருந்து பார்த்தவள் அவள். அந்த ஒன்று இப்போது அச்சில் ஏறிவிட்டது. கேள்வித்தாள் போடுபவர் பழைய தாளைப் பார்த்துப் போடுவார், குறிப்பு எழுதுபவர் பழைய குறிப்பைப் பார்த்து எழுதுவார், இத்தனை பேர் உட்கார்ந்து கேட்பார்கள், யாராவது சொல்லட்டும் என்று இருப்பார்கள். e³ எழுதும் பிள்ளையைக் காப்பாற்ற அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். போன வருஷம் அங்கே அவள் இருந்தாள். யாரையும் காப்பாற்றவில்லை.

இந்தப் பெண்ணுக்கும் மூன்று மார்க்கில் ஏதாவது போகக்கூடும்.

"ஒண்ணுன்னு எழுதுங்க" என்றாள்.

வகுப்பில் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரும்பலகை முழுவதும் அவள் எழுதியதெல்லாம் அப்படியே இருக்க, அத்தனை பேரும் குனிந்து, ஒன்று என்று எழுதிக்கொண்டார்கள்.